பார்சல் தாமதம், வாடிக்கையாளர் கோபமாக எழுதியிருக்கிறார். என்ன பதில் அனுப்புவது?

சுங்குடி வீடு (வியாழன் காலை)

சின்னாளபட்டியில் வீட்டிலிருந்தே சுங்குடிச் சேலை விற்கிறேன். புனேயில் இருக்கும் ஒரு தமிழ் அம்மா மகளின் வளைகாப்புக்காக இரண்டு சேலை கேட்டு 3ஆம் தேதி ஜிபே-யில் பணம் அனுப்பினார். 5 முதல் 7 நாளில் வந்துவிடும் என்று சொல்லியிருந்தேன். இன்று 12. பார்சல் பெங்களூரு ஹப்பில் நிற்கிறது, இரண்டு நாளாக அசையவில்லை. வளைகாப்பு வரும் ஞாயிறு, 15ஆம் தேதி.

நேற்று இரவு அவர் எழுதியது: "4ஆம் தேதியே அனுப்பிவிட்டதாக மெசேஜ் வந்தது. எட்டு நாளாக எங்கே இருக்கிறது? சும்மா சொல்லி ஏமாற்றுகிறீர்களா?"

நான் எழுதி வைத்திருக்கும் பதில்: "அம்மா, மிகவும் வருந்துகிறோம், தாழ்மையுடன் மன்னிப்புக் கேட்கிறோம். இது கூரியர் தாமதம், எங்கள் கையில் இல்லை. ஞாயிறுக்குள் கண்டிப்பாக வந்துவிடும், தயவுசெய்து பொறுத்துக்கொள்ளுங்கள்." இதை அனுப்பலாமா?

கடைவீதி

அனுப்பாதீர்கள். முதலில் அந்த மன்னிப்பை எடுங்கள். எழுத்தில் மன்னிப்புக் கேட்டால் தப்பை ஒத்துக்கொண்ட மாதிரி. நாளைக்குக் கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போனால் அந்த ஸ்கிரீன்ஷாட்தான் முதலில் வரும். "விசாரித்துக்கொண்டிருக்கிறோம்" என்று மட்டும் போடுங்கள், போதும்.

திருப்பூர் பனியன்

எங்களுக்கும் போன மாதம் இதே கதை. பையர் சொன்ன தேதிக்குச் சரக்கு கப்பல் ஏறவில்லை. கடைசியில் ஏர் பிரைட் செலவு எங்கள் தலையில் விழுந்தது. பணத்தைப் பிடித்துக்கொள்வதாக டெபிட் நோட் வருவதற்கு முன்பே நீங்கள் பேசிவிடுங்கள். நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: பையருக்குக் கதை எழுதாமல் எந்தத் தேதியில் என்ன நடந்தது என்று வரிசையாக எழுதினேன், அதற்கு அப்புறம்தான் அவர் குரலை இறக்கினார்.

சுங்குடி வீடு

அண்ணா, இது ஏற்றுமதி இல்லை, இரண்டே சேலைதான். ஆனால் தேதி வரிசை நல்ல யோசனை.

டிஸ்பாட்ச் மேசை

பதிலை அப்புறம் பார்ப்போம். முதலில் டிராக்கிங்கைத் திறந்து, `Picked Up` என்ற வரிக்கு நேரே என்ன தேதி இருக்கிறது என்று சொல்லுங்கள். 4ஆம் தேதி போன மெசேஜ் நீங்கள் கையால் அனுப்பியதா, தானாகப் போனதா?

சுங்குடி வீடு

தானாகப் போனது. 4ஆம் தேதிக்கு நேரே `Manifested` என்று இருக்கிறது. `Picked Up` 7ஆம் தேதி, சனிக்கிழமை. ஒரு சேலை அவர் கேட்ட அரக்கு நிறத்தில் இல்லை. சாயம் போட்டுக் காய்ந்து வர மூன்று நாள் ஆனது. லேபிளை மட்டும் முன்பே எடுத்து வைத்துவிட்டேன்.

டிஸ்பாட்ச் மேசை

அவருடைய கோபம் இங்கேதான் தொடங்கியிருக்கிறது. `Manifested` என்றால் லேபிள் பதிவாகிவிட்டது என்றுதான் பொருள், பார்சல் அப்போது உங்கள் வீட்டில்தான் இருந்தது. மென்பொருள் அதையே "அனுப்பப்பட்டது" என்று அவருக்குச் சொல்லிவிட்டது. அவரிடமும் அதே டிராக்கிங் லிங்க் இருக்கிறது. நீங்கள் மொத்தப் பழியையும் கூரியர் மேல் போட்டால், 4க்கும் 7க்கும் நடுவில் என்ன ஆனது என்று அவரே கேட்பார். அதற்கு மேல் நீங்கள் சொல்லும் எதையும் நம்ப மாட்டார்.

ஆகவே தாமதத்தை இரண்டாகப் பிரியுங்கள். 4 முதல் 7 வரை உங்களுடையது. அதற்கு நேரடியாக, ஒரே ஒருமுறை மன்னிப்புக் கேளுங்கள். 10ஆம் தேதி முதல் பெங்களூருவில் நிற்பது கூரியருடையது. அங்கே நடந்ததை மட்டும் சொல்லுங்கள், ஏன் நிற்கிறது என்று ஊகிக்காதீர்கள். மழை, லாரி என்றெல்லாம் எழுதிவிட்டு நாளைக்கு வேறு காரணம் தெரிந்தால் அது பொய்யாகிவிடும்.

கடைவீதி சொன்னதில் பாதி சரி. தெரியாத காரணத்தை எழுத்தில் ஏற்றுக்கொள்ள வேண்டாம். ஆனால் மன்னிப்பை மறைப்பதால் பொறுப்பு குறையாது. 2020ஆம் ஆண்டு மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி, சொன்ன கெடுவைத் தாண்டி வந்த பொருளைத் திரும்ப எடுக்கவோ பணம் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது. யார் கையிலும் இல்லாத பேரிடர் போன்ற காரணத்துக்குத்தான் விலக்கு. உங்கள் கெடு 10ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.

கடைவீதி

ஹப்பில் தேங்கி நிற்பதும் நம் கையில் இல்லாததுதானே? அதற்கு அந்த விலக்கு பொருந்தாதா?

டிஸ்பாட்ச் மேசை

வெள்ளத்தில் சாலை அடைபட்டால் பேசலாம். வெறும் தேக்கம் அதில் சேரும் என்று நான் நம்ப மாட்டேன், அதை வைத்து ஒரு வாடிக்கையாளரோடு வாதாடவும் மாட்டேன்.

சுங்குடி வீடு, இன்னொன்று. "ஞாயிறுக்குள் கண்டிப்பாக" என்பதை எடுத்தே ஆக வேண்டும். பெங்களூருவிலிருந்து இன்னும் கிளம்பாத பார்சலுக்கு நீங்கள் வாக்குக் கொடுக்க முடியாது. அதை நம்பி அவர் வேறு சேலை வாங்காமல் இருந்துவிட்டால், வளைகாப்பன்று வெறும் கையோடு நிற்பார். அந்த அம்மா இப்போது கேட்பது ஒன்றுதான்: காத்திருக்கலாமா, கடைக்குப் போகலாமா? அதை முடிவு செய்ய அவருக்கு வெள்ளி, சனி இரண்டு நாள் வேண்டும். பார்சல் வரும் தேதியைச் சொல்ல முடியாவிட்டாலும், நீங்கள் அடுத்து எப்போது தகவல் சொல்வீர்கள் என்பதைச் சொல்ல முடியும். அது உங்கள் கையில் இருக்கிறது.

நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

"வணக்கம் அம்மா. 4ஆம் தேதி உங்களுக்கு வந்த மெசேஜ் தவறு. அன்று லேபிள் மட்டும்தான் போட்டோம். அரக்குச் சேலைக்குச் சாயம் போட வேண்டியிருந்ததால் பார்சல் 7ஆம் தேதிதான் கிளம்பியது. அதை அன்றே உங்களிடம் சொல்லாதது என் தவறு, மன்னியுங்கள். 10ஆம் தேதி பெங்களூரு சென்றது, அதன்பின் நகரவில்லை. கூரியரில் இன்று புகார் பதிந்திருக்கிறேன். ஞாயிறுக்குள் வரும் என்று என்னால் உறுதி சொல்ல முடியவில்லை. நாளை வெள்ளி மாலை 6 மணிக்கு நிலவரம் எழுதுகிறேன். அதற்கு முன்பே நீங்கள் அங்கே வேறு சேலை வாங்கிக்கொள்ள நினைத்தால் சொல்லுங்கள், முழுப் பணமும் அன்றே அனுப்பிவிடுகிறேன். பார்சல் வந்தால் வாங்காமல் திருப்பிவிடலாம், அந்தச் செலவு என்னுடையது."

புகாரை உண்மையிலேயே பதிந்துவிட்டு அப்புறம் இதை அனுப்புங்கள். புகார் எண்ணையும் சேர்த்தால் நல்லது.

புதுக் கடை

முழுப் பணமும் கொடுத்து, திரும்பி வரும் செலவும் ஏற்றால் என்ன மிஞ்சும்? அடுத்த ஆர்டருக்கு 10 சதவீதத் தள்ளுபடி கொடுத்தால் போதாதா?

டிஸ்பாட்ச் மேசை

வளைகாப்புக்குச் சேலை கிடைக்குமா என்று தவிப்பவரிடம் அடுத்த ஆர்டரைப் பற்றிப் பேசினால் இன்னும் எரிச்சல்தான் வரும். செலவு வலிக்கும், நீங்கள் சொல்வது உண்மை. எனக்கும் அதற்குக் குறுக்கு வழி தெரியாது.

சுங்குடி வீடு (செவ்வாய்)

என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். அந்தப் பதிலைப் புகார் எண்ணோடு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் "இதை 4ஆம் தேதியே சொல்லியிருக்கலாமே அம்மா" என்று மட்டும் எழுதினார். வெள்ளி மாலை 6 மணிக்கும் பார்சல் பெங்களூருவில்தான் இருந்தது, அப்படியே எழுதினேன். பணத்தைத் திருப்பிக் கேட்டார், அன்றிரவே அனுப்பிவிட்டேன். சனிக்கிழமை அங்கேயே சேலை வாங்கியிருக்கிறார்.

நேற்று பார்சல் புனே போய்ச் சேர்ந்துவிட்டது. அவர் திருப்பவில்லை. பிரித்துப் பார்த்தாராம், அரக்குச் சேலையை மகளுக்கு வைத்துக்கொள்கிறேன், பணம் எவ்வளவு அனுப்ப வேண்டும் என்று கேட்கிறார். மற்றதைத் திருப்பி அனுப்புகிறாராம். தானாகப் போகும் மெசேஜை `Picked Up` ஆன பிறகு மட்டும் போகும்படி மாற்றிவிட்டேன். ஆனால் இதற்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. முழு விலையைக் கேட்கலாமா?

புதுக் கடை

அவரே கேட்கிறார், முழு விலையும் வாங்குங்கள்.

டிஸ்பாட்ச் மேசை

நான் குறைத்துத்தான் வாங்குவேன். ஆனால் அது உங்கள் கணக்கு, சாயத்துக்கு எவ்வளவு ஆனது என்று உங்களுக்குத்தான் தெரியும். எதுவானாலும் அந்த இன்னொரு சேலையைத் திருப்பி அனுப்பும் செலவை அவரிடம் வாங்காதீர்கள்.