கலைச்சொல் வேண்டும்: அதிர்வெண் சரியும்போது படிப்படியாகச் சுமையைக் கழற்றுவதற்கு

கதிரவன் எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். அண்டர் ஃப்ரீக்வன்சி லோடு ஷெட்டிங் என்பதற்குச் சொல் தேவைப்படுகிறது. 'தாழ் அதிர்வெண் மின்வெட்டு' என்று போட்டிருக்கிறேன். 'சுமை உதிர்ப்பு' என்றும் சிலர் எழுதுகிறார்கள். எது சரி?

பாலு எழுதியது:

மின்வெட்டு என்றே வைத்துவிடலாம். எங்கள் தெருவில் தினம் மதியம் ஒன்றரைக்குப் போய் இரண்டரைக்கு வருகிறது. கேட்டால் லோடு ஷெட்டிங் என்கிறார்கள். மக்கள் வாயில் இருக்கும் சொல்லை விட்டுவிட்டு எதற்குப் புதிதாக ஒன்று?

நிர்மலா எழுதியது:

பாலு சார், உங்கள் தெருவில் நடப்பது வேறு. மின்சாரம் போதவில்லை என்று ஒருவர் அட்டவணை போட்டு, நேரம் குறித்து நிறுத்துகிறார். கதிரவன் கேட்பதில் ஆளே கிடையாது. துணைமின் நிலையத்து ரிலே தானாக அதிர்வெண்ணைப் பார்த்து, ஒரு நொடிக்குள், ஒரு பகுதிக்கு மின்சாரம் கொண்டுபோகும் ஃபீடரைக் கழற்றிவிடும். 'யூ.எஃப்.ஆர். அடிச்சிருச்சு' என்று ஷிஃப்டில் சொல்வோமே, அதுதான். இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் நாளைக்கு விசாரணை அறிக்கையைத் தமிழில் படிப்பவர் குழம்பிப்போவார்.

'உதிர்ப்பு' எனக்கு ஒட்டவில்லை. எந்த ஃபீடர், எந்தப் படியில் என்பதெல்லாம் முன்பே தேர்ந்து வைத்தவை. மருத்துவமனை, குடிநீர் ஃபீடர்களை விலக்கியும் வைத்திருப்பார்கள். உதிர்வதில் தேர்வு ஏது?

யோகன் எழுதியது:

வணக்கம். இலங்கையில் நாங்கள் அதிர்வெண் என்று எழுதுவதில்லை, மீடிறன் என்றுதான் பாடநூலில் படித்தோம். 'தாழ்மீடிறன் சுமைவிலக்கல்' என்பது என் முன்மொழிவு.

இந்தச் சொல் சிறிய வலையமைப்புக்குத்தான் அதிகம் வேலைக்கு வரும். எங்களுக்கு இந்தியாவோடு மின் இணைப்பு இல்லை. தீவு தன் சொந்தக் காலில்தான் நிற்கிறது. 2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகலில் பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கால் கோளாறு ஏற்பட்டது. நுரைச்சோலை நிலக்கரி மின் நிலையத்தின் மூன்று அலகுகளும் விழுந்து, நாடு முழுக்க இருண்டது. ஞாயிறு என்பதால் மின் தேவை குறைவு, கூரைச் சூரியமின் உச்சம். சுமைவிலக்கல் இருந்தும் காப்பாற்ற முடியவில்லை.

கதிரவன் எழுதியது:

அப்படியென்றால் ரிலே மெதுவாக வேலை செய்திருக்கிறது என்றுதானே பொருள்? தாமதத்தைப் பூஜ்யமாக்கி, படிகளைக் கூட்டிவிட்டால் போதாதா? நான்கு படிக்குப் பதில் எட்டு.

நிர்மலா எழுதியது:

பாதி சரி. மெதுவாக இருப்பது சிக்கல்தான், ஆனால் தாமதத்தை எடுத்துவிட முடியாது. பழுது ஏற்படும் கணத்தில் மின்னழுத்த அலை சட்டென்று இடம் தாவும். அதை ரிலே அதிர்வெண் சரிவு என்று வாசித்துவிடும். அதனால் சில சுழற்சிகளாவது தொடர்ந்து பார்த்து உறுதி செய்ய வேண்டும். கூடவே மின்னழுத்தம் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்குக் கீழே போனால் ரிலேயைத் தடுத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால், மேலிருந்து சப்ளை போன லைனில் மோட்டார்கள் சுழன்று அடங்கும்போதும் அடித்துவிடும்.

இப்போது எட்டுப் படி கேள்வி. கணக்குப் போட்டே பார்ப்போம். ஒரு சிறு கிரிட். தேவை 1200 மெகாவாட். முதல் படி 48.75 ஹெர்ட்ஸ், இரண்டாவது 48.5. ஒவ்வொன்றிலும் 7 விழுக்காடு, அதாவது 84 மெகாவாட் கழலும். 150 மெகாவாட் இயந்திரம் ஒன்று விழுகிறது.

இரவில் பெரிய டர்பைன்கள் நிறையச் சுற்றுகின்றன. அவற்றின் சுழற்சியில் 6000 மெகாவாட்-நொடி ஆற்றல் இருக்கிறது என்று வையுங்கள். இழந்த 150-ஐ வழக்கமான அதிர்வெண்ணான 50-ஆல் பெருக்கி, ஆற்றலின் இரு மடங்கால் வகுத்தால் தொடக்கச் சரிவு நொடிக்கு 0.625 ஹெர்ட்ஸ். ரிலே அளக்க 0.1 நொடி, தாமதம் 0.1, பிரேக்கர் திறக்க 0.08, ஆக 0.28 நொடி. அதற்குள் அதிர்வெண் இன்னும் 0.175 இறங்கி 48.57-க்கு வந்திருக்கும். இரண்டாம் படி இன்னும் தொடப்படவில்லை. முதல் படி கழன்றதும் சரிவு பாதிக்கும் கீழே குறையும். மீதியை டர்பைன் வேகத்தைச் சீராக்கும் கவர்னர்கள் பார்த்துக்கொள்ளும்.

அதே 1200, ஞாயிறு நண்பகல். சூரியமின் நிறைந்து டர்பைன்கள் பாதி நிறுத்தப்பட்டுவிட்டன; ஆற்றல் 3000. சரிவு 1.25. அதே 0.28 நொடியில் 0.35 ஹெர்ட்ஸ் இறங்கிவிடும். முதல் படியின் சுமை கழலுமுன்பே 48.5 கடந்து, இரண்டாம் படியும் அடித்துவிட்டது. கழன்றது 168, இழந்தது 150. கவர்னர்களும் மேலே தள்ளுவதால் அதிர்வெண் 50-ஐத் தாண்டி ஏறும். பழைய அமைப்பிலுள்ள கூரை இன்வெர்ட்டர்கள் மேல் எல்லையைத் தொட்டவுடன் கூட்டமாக விலகும். உடனே இரண்டாவது சரிவு. இதைத் தாங்கத்தான் சிறு கிரிட்டால் முடிவதில்லை.

எனவே படிகளுக்கிடையே 0.25 இடைவெளி என்பது நொடிக்கு சுமார் 0.9 ஹெர்ட்ஸ் சரிவு வரைதான் தாங்கும். எட்டுப் படியாக்கி இடைவெளியைப் பாதியாக்கினால் அந்த வரம்பும் பாதியாகிவிடும். கீழேயும் நெருக்கடி: 47.5 அருகே டர்பைன்களே தங்களைக் காத்துக்கொள்ள விலகத் தொடங்கும். அதற்குள் எல்லாப் படியும் முடிந்திருக்க வேண்டும்.

கதிரவன் எழுதியது:

அப்போது சரிவு வேகத்தையே பார்த்து அடிக்கும் ரிலே?

நிர்மலா எழுதியது:

பயன்படுத்துகிறார்கள். ஆனால் தனியாக அல்ல. 'அதிர்வெண் 49-க்குக் கீழே, கூடவே சரிவு இன்ன வேகத்துக்கு மேல்' என்று இரண்டும் சேர்ந்தால் மட்டும். நான் சொன்ன தாவல் பிரச்சினை வேகத்தை அளப்பதில் இன்னும் மோசம். 2012 ஜூலை 30, 31-இல் வட இந்தியா இருண்டபோது இந்த ரிலேக்கள் காகிதத்தில் ஆயிரக்கணக்கான மெகாவாட் வைத்திருந்தன. தேவையான அளவு கழலவில்லை.

யோகன் எழுதியது:

நிர்மலா அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கவேண்டும். காகிதத்தில் ஒரு 33 கிலோவோல்ட் ஃபீடருக்கு 8 மெகாவாட் என்று எழுதியிருக்கும். அது இரவு உச்சத்தில் எடுத்த கணக்கு. நண்பகலில் அதே ஃபீடர் கூரைத் தகடுகளால் 2 மெகாவாட்டை உபமின் நிலையத்துக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கும். ரிலே அதைக் கழற்றினால் சுமை போவதில்லை, உற்பத்திதான் போகிறது. சரிவு இன்னும் கூடும். ஆகவே மின்சாரம் ஃபீடருக்குள் போகிறதா, வெளியே வருகிறதா என்று திசையைப் பார்த்து, திரும்பி வந்தால் அடிக்காதே என்று எண்ணியல் ரிலேயில் ஒரு நிபந்தனை வைக்கலாம். அப்படித் தடுத்த ஃபீடர்களின் பங்கை வேறெங்கிருந்து எடுப்பது என்பதுதான் கடினமான கேள்வி.

பாலு எழுதியது:

அப்ப எங்கள் தெருவில் நடப்பது அட்டவணை மின்வெட்டுதான், புரிந்தது. ஆனால் அன்றைக்கு ஒருநாள் விளக்கு மினுக்காமல் சட்டென்று போய், ஐந்து நிமிடத்தில் வந்தது. அது?

நிர்மலா எழுதியது:

அதை வெளியிலிருந்து சொல்ல முடியாது சார், ஃபீடரில் மரக்கிளை பட்டாலும் அப்படித்தான் போகும். ரிலேயின் நிகழ்வுப் பதிவில் எந்த உறுப்பு அடித்தது, அப்போது அதிர்வெண் என்ன என்று இருக்கும். ஒரே நொடியில் பல துணைமின் நிலையங்களில் அதே படி அடித்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

கதிரவன் எழுதியது:

சரி, சொல்லுக்கு வருவோம். மின்வெட்டு நீங்கியது. 'சுமைக் கழிப்பு' என்றால் கழிப்பறை நினைவுக்கு வருகிறது. 'சுமைவிலக்கல்' நன்று. முன்னால் அதிர்வெண்ணா மீடிறனா?

யோகன் எழுதியது:

இரண்டையும் பதியுங்கள். 'விலக்கல்' பொது. ஆனால் மருத்துவமனை ஃபீடரை இதிலிருந்து விலக்குவதையும் விலக்கல் என்றுதானே சொல்கிறோம்? பட்டியலில் 'விலக்கிய ஃபீடர்' என்று பார்த்தால் கழன்றதா, காக்கப்பட்டதா?

நிர்மலா எழுதியது:

அது மெய்யான ஆபத்து. 'சுமை கழற்றல்' என்று வைத்தால் 'கழற்றாத ஃபீடர்' என்று தெளிவாகச் சொல்லலாம். கொஞ்சம் கொச்சையாகத் தோன்றினாலும் லைன்மேனுக்கும் புரியும். திரும்பச் சேர்ப்பதற்கும் ஒரு சொல் வேண்டும். அதிர்வெண் ஏறியதும் துணைமின் நிலையத்தார் தாங்களாகவே பிரேக்கரை மூடுவது இரண்டாவது சரிவுக்கு இன்னொரு காரணம். லோடு டெஸ்பாட்ச் மையம் சொன்ன பிறகுதான், அதுவும் சிறு சிறு தொகுதியாகத்தான் சேர்க்க வேண்டும். அதற்கு 'மீள்சேர்ப்பு' என்று எழுதி வந்தேன், யாருக்காவது மறுப்பு உண்டா?