புதுப்பிப்பு: பிறந்தநாள் 'நான் யார்?' விளையாட்டு, நிழல் படம் வெட்டின விதம்

என் பழைய கேள்வி: "பொண்ணு பிறந்தநாளுக்கு நிழல் படத்தைக் காட்டி யாருன்னு கேட்கப் போறேன். எப்படி வெட்டுறது? எந்தத் துப்பை முதல்ல தர்றது?"

சத்துவாச்சாரி வீட்டு மாடியில நல்லபடியா நடந்துச்சு. உதவின எல்லாருக்கும் நன்றி.

குடியாத்தம் பக்கம் தெருக்கூத்துல வேஷம் கட்டுற அண்ணன் சொன்னதுதான் கைகொடுத்துச்சு: கறுப்பு சார்ட்டுல பொட்டு, கண்ணாடி எதுவும் தெரியாது, வெளிக்கோடு மட்டும்தான் பேசும். ஔவையாருக்கும் காந்திக்கும் கையில கோல், ரெண்டு பேரும் ஒரே மாதிரி தெரிஞ்சாங்க. காந்திக்கு வேட்டியை முட்டியோட நிறுத்தி, கால் ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி விட்டேன். ஔவைக்குப் புடவை தரை வரைக்கும், முதுகுல கூன், பின்னால கொண்டை. உடனே பிரிஞ்சுது.

"பெருசா வெட்டுங்க, போதும்"னு ஒரு அக்கா சொன்னாங்க. பின்வரிசைக்கு அது சரி. ஆனா நேர்முகமா வெட்டின பாரதி எவ்வளவு பெருசானாலும் தலைப்பாகை கட்டின யாரோதான். பக்கவாட்டுல திருப்பி, முண்டாசு வாலைப் பின்னால தொங்கவிட்டேன்.

கிருஷ்ணருக்கு மயிலிறகைத் தனித் துண்டா வெட்டி வச்சுக்கிட்டேன். முதல்ல மஞ்சள் பட்டுத்துணி, அடுத்து புல்லாங்குழல், இறகு கடைசி. இறகு முதல்ல வந்தா ஒரே கத்தல்ல ஆட்டம் முடிஞ்சிடும்.

வாடகை டிரஸ் கடை கேட்ட தம்பி, இது மாறுவேடப் போட்டி இல்லப்பா, வீட்டுத் துணியே போதும்.

நாலு வயசு வாண்டுகளுக்கு ஔவையையே தெரியல. அவங்களுக்கு யாரை வைக்கலாம்?