'தயங்கினான்' அட்டையைக் காட்டினால் "குளிருது மிஸ்"

கரும்பலகை:
படகுக் கதை, ஏழு வயதுப் பிள்ளைகள். வாசிக்கும் முன்பே கடினச் சொற்களைப் புரியவைக்க, துடுப்பு, கலங்கரை விளக்கம், கொந்தளித்தது, தயங்கினான் என்று நாலு பட அட்டை காட்டினேன். கடைசியில்தான் வம்பு. படத்தில் ஒரு பையன் தண்ணீர் ஓரம் ஒற்றைக் காலைத் தூக்கியபடி நிற்கிறான். "என்ன செய்றான்?" என்றதும் ஒரு குரல், "குளிருது மிஸ்." இன்னொன்று, "பயந்துட்டான்." பயம் எல்லாருக்கும் ஒட்டிக்கொண்டது. கதையில் அந்த வரி வந்தபோது "பயந்து ஓடிட்டான்" என்று அடித்துச் சொன்னார்கள். கதையில் அவன் ஓடவே இல்லை! இந்தச் சொல்லின் பொருளை எப்படிப் படத்தில் காட்டுவது?

ஆலமரம்:
துடுப்புக்கு ஒரு படம் போதும். தயங்குவதற்குப் போதாது. மூன்று வேண்டும்: உங்கள் பையன், இரண்டு பொம்மைகளுக்கு நடுவே கையை நீட்டி நிறுத்திய சிறுமி, கதவைத் தட்டக் கையை உயர்த்திவிட்டுத் தட்டாமல் நிற்கும் ஆள். பொம்மைப் படத்தில் பயமே இல்லை, அதனால் 'பயம்' தானாகக் கழன்றுவிடும். நாலாவதாக, தடாலென்று குதிக்கும் பையன். "இவன் தயங்கினானா?" என்றால் "இல்லை" வர வேண்டும். வராவிட்டால் சொல் இன்னும் புரியவில்லை.

இன்னொன்று, ஊகிக்கச் சொல்லிக் கேட்டதே தப்பு. முதலில் காதில் விழுந்த தப்பு விடைதான் நிற்கும். சொல்லை நீங்களே சொல்லுங்கள், இரண்டு தடவை திருப்பிச் சொல்லட்டும், "செய்யலாமா வேண்டாமா என்று கொஞ்சம் நின்றான்" என்று விளக்குங்கள். அப்புறம் படம்.

அணில்வால்:
நாலு அட்டை எப்படிப் போதும்? அந்தக் கதையில் பன்னிரண்டு கடினச் சொல் இருக்குமே. எல்லாவற்றுக்கும் செய்து முதல் நாளே காட்டிவிட்டால் வாசிப்பு தடங்கலில்லாமல் ஓடும்.

ஆலமரம்:
ஓடாது. ஆறாவது அட்டையிலேயே முதல் அட்டை மறந்திருக்கும், கதை தொடங்கும் முன்பே களைத்துவிடுவார்கள். எந்தச் சொல் தெரியாவிட்டால் கதையே புரியாதோ, அதற்கு மட்டும் அட்டை. நங்கூரம் மாதிரிச் சொற்களைக் கதைப் பக்கத்துப் படத்திலேயே விரலால் தொட்டுக் காட்டிப் போய்விடலாம். மறுநாளும் அட்டையை எடுக்க வேண்டும் என்றால் ஒத்துக்கொள்கிறேன்.

பசைக்குப்பி:
அட்டை பளபளப்பா? லேமினேட் செய்தால் ஜன்னல் வெளிச்சம் பட்டுப் பின்வரிசைக்கு வெள்ளையாகத்தான் தெரியும். மேட் தாள் போடுங்கள், ஏ4-இல் பாதி அளவு, எழுத்து மூன்று சென்டிமீட்டர் உயரம். படத்தின் பின்னணியில் மரம், பறவை எதுவும் வேண்டாம். பிள்ளைகள் பறவையைத்தான் பார்ப்பார்கள். சொல்லைப் படத்தின் மேல் எழுதாதீர்கள், கீழே தனி வெள்ளைப் பட்டையில் எழுதுங்கள். மூலையை வட்டமாக வெட்டினால் கையைக் கிழிக்காது.

கரும்பலகை:
நான் கேட்டது படத்தின் பொருளைப் பற்றி!

ஈரெழுத்து:
எனக்கு உறுத்துவது வேறு. என் வகுப்பு அட்டையில் 'தயங்கு', கதையில் 'தயங்கியபடியே'. ஒரு பிள்ளை இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு "இது அது இல்ல" என்றது. அதிலிருந்து கதையில் உள்ள வடிவத்தையே முன்பக்கம் எழுதி, 'தயங்' வரை மட்டும் சிவப்பு.

ஆலமரம்:
'தயங்கு'க்குச் சரி. 'நின்றான்' வந்தால் 'நில்'லை எங்கே சிவப்பாக்குவீர்கள்?

ஈரெழுத்து:
அதற்கு இரண்டு வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கிறேன். பாதிப் பிள்ளைகள் இன்னும் இரண்டு சொல் என்றே வாசிக்கிறார்கள்.