நாவல் கட்டுரைல காலம் மாறி மாறி வருது, கொஞ்சம் சொல்லுங்க

அண்ணாச்சிமாரே அக்காமாரே, பாளையங்கோட்டைல எம்.ஏ. தமிழ் படிக்கேன், ஒரு நாவலைப் பத்தி கட்டுரை எழுதிட்டிருக்கேன். கதைல நடக்கதை நிகழ்காலத்துலதான் எழுதணும்னு மேடம் சொல்லிருக்காவ. நானும் அப்படித்தான் ஆரம்பிக்கேன், ஆனா மூணாவது வரில வழுக்கிருது, இதப் பாருங்க:

“செல்லம்மா பஸ்ஸை விட்டு இறங்குகிறாள். வாசலில் நின்ற அண்ணனைப் பார்த்துத் தயங்குகிறாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.”

‘நின்ற’, ‘பார்த்து’ ரெண்டும் இருந்துட்டுப் போகட்டும், தப்பு கடைசி வினைமுற்றுலதான், ‘திருப்பிக்கொள்கிறான்’னு வரணும். அதனால இப்ப ஒவ்வொரு வாக்கியத்துலயும் கடைசிச் சொல்லை மட்டும் பென்சிலால வட்டம் போட்டுப் பாக்கேன், பாதி தப்பு அதுலயே மாட்டிருது. பெரும்பாலும் வசனத்தை மேற்கோள் காட்டுன உடனேதான் ‘என்றான்’னு கை தன்னால எழுதிருது, நாவல்ல அப்படி இருக்கதுனால.

எனக்குப் புரியாத இடம் முன்கதைதான். பத்து வருஷம் முன்னாடி அண்ணன் நிலத்தை வித்தது, அதை ‘விற்றிருக்கிறான்’னு எழுதுனா நிகழ்காலத்துலயே நிக்கமாதிரி இருக்கு, ஒரு வரின்னா சரி, ஆனா அந்த முன்கதை ஒரு முழுப் பத்திக்கு ஓடுது, எல்லா வரியும் ‘இருக்கிறான் இருக்கிறான்’னு முடிஞ்சா வாசிக்கவே முடியல. முதல் வரில மட்டும் ‘விற்றிருக்கிறான்’னு போட்டுட்டு மிச்சத்தை இறந்தகாலத்துல எழுதி, செல்லம்மாகிட்ட திரும்பும்போது நிகழ்காலத்துக்கு வரலாமா? இப்படி எழுதிப் பழகுனவங்க ஒரு பத்தி எழுதிக் காட்டுனா ரொம்ப உதவியா இருக்கும்.