விற்ற டிவி திரும்பி வந்துவிட்டது: சத்தம் வருகிறது, படம் இல்லை

ஈரோட்டுக்காரன்: பழைய எல்இடி டிவிகளை வாங்கிச் சரிசெய்து விற்கிறேன். 1,500க்கு வாங்கிய 32 இன்ச் டிவி ஒன்றில் பேக்லைட் மாற்றி, ஒரு மாத கேரண்டியோடு 4,800க்கு விற்றேன். மூன்றே வாரத்தில் திரும்பி வந்துவிட்டது. சத்தம் மட்டும்தான் வருகிறது. நாளைக்குள் கொடுக்க வேண்டும், அவசரம்.

பேனல் பாண்டி: பேனல் போயிருக்கும். பேனல் மாற்றினால் லாபமே நிற்காது, பார்ட்ஸுக்கு விற்றுவிடுங்கள்.

அமுதா: அதற்குள் பேனலா? இருட்டில் மொபைல் டார்ச்சைத் திரையோடு ஒட்டிச் சாய்த்து அடித்துப் பாருங்கள் தம்பி. மங்கலாகப் படம் தெரிந்தால் பேனல் நன்றாக இருக்கிறது, வெளிச்சம்தான் இல்லை. பேக்லைட்டில் எத்தனை எல்இடி ஸ்ட்ரிப் மாற்றினீர்கள்?

ஈரோட்டுக்காரன்: படம் தெரிகிறது அக்கா. மூன்றில் ஒன்றில்தான் எல்இடி போயிருந்தது, அந்த ஸ்ட்ரிப்பை மட்டும் மாற்றினேன்.

சீனியர் டெக்னீசியன்: ஒரு ஸ்ட்ரிப் மட்டும் மாற்றிவிட்டு கேரண்டியும் கொடுக்கிறார்கள்! இதையெல்லாம் கேட்கிற நிலையில் இருப்பவர் தொழிலுக்கு வரலாமா?

குமரன்: மல்டிமீட்டரை டயோடு மோடில் வைத்து ஒவ்வொரு எல்இடியாகப் பாருங்கள். எரியாததுதான் போனது.

அமுதா: 3 வோல்ட் எல்இடி என்றால் லேசாக எரியும். 6 வோல்ட் என்றால் நல்லதுகூட எரியாது, ஏமாந்துபோவீர்கள். பேக்லைட் டெஸ்டர் இல்லாமல் இந்தத் தொழில் நடக்காது. தம்பி, இப்போது போயிருப்பது பழைய ஸ்ட்ரிப்பிலா, புதியதிலா? எதை வைத்து ஒட்டினீர்கள்?

ஈரோட்டுக்காரன்: புதியதில், நடுவில் இரண்டு. ஸ்பாஞ்ச் வைத்த டபுள் டேப்தான் போட்டேன்.

அமுதா: அங்கேதான் பிடிபடுகிறது. ஸ்ட்ரிப்பின் சூடு பின்னால் இருக்கும் தகரத்துக்கு இறங்க வேண்டும். ஸ்பாஞ்ச் அதைத் தடுத்துவிடும், எல்இடி வெந்துபோகும். எல்லாம் வரிசையாக இணைந்தவை என்பதால் ஒன்று அறுந்தாலே மொத்தமும் இருட்டு. சூடு கடத்தும் மெல்லிய டேப் போடுங்கள். மூன்றையும் ஒரே செட்டாக மாற்றுங்கள், பழையவை அடுத்தடுத்துப் போகும். எல்இடிகளுக்குக் கரண்ட் கொடுக்கும் டிரைவர் சர்க்யூட் பக்கத்தில் இணையாக இருக்கும் கரண்ட் சென்ஸ் ரெசிஸ்டர்களில் ஒன்றைக் கழற்றினால் கரண்ட் குறையும், வெளிச்சமும் கொஞ்சம் குறையும். கழற்றும் முன்பும் பின்பும் மீட்டரில் அளந்துவிடுங்கள். நான்கைந்து மணி நேரம் ஓடவிட்டுப் பார்க்காமல் கொடுக்காதீர்கள்.

பேனல் பாண்டி: வெளிச்சத்தைக் குறைத்து விற்பது ஏமாற்று இல்லையா?

அமுதா: வாங்குபவரிடம் சொல்லிவிட்டால் ஏமாற்று எப்படி ஆகும்?

சீனியர் டெக்னீசியன்: யார் சொல்கிறார்கள்? ‘புதுசு மாதிரி’ என்றுதானே எல்லோரும் விற்கிறார்கள்.

குமரன்: என் வீட்டு டிவியில் கோடு கோடாக வருகிறது, அதற்கும் பேக்லைட்தானா?

அமுதா: இல்லை, அது வேறு. தனியாகக் கேளுங்கள்.

ஈரோட்டுக்காரன்: மூன்றும் மாற்றிவிட்டேன், எரிகிறது. ஓரத்தில் ஒரு இடம் மட்டும் வெள்ளையாகப் பளிச்சென்று தெரிகிறது.

அமுதா: எல்இடி மேல் இருக்கும் லென்ஸ் கழன்றிருக்கும். மறுபடியும் திறக்க வேண்டியதுதான்.