நிற்காத விக்கல், மங்கிய கண்: மூளையின் 'துணைச் செல்கள்' பற்றி உங்கள் அனுபவம்?

செந்தூல் மாலா
என் தங்கச்சிக்கு விக்கல். ஒரு வாரம் தாண்டியும் நிற்கவில்லை, கூடவே வாந்தி. கிளினிக்கில் கேஸ்ட்ரிக் மருந்து கொடுத்தார்கள். அது அடங்கிய பிறகு ஒரு கண் மங்கியது. நரம்பு டாக்டர் கண்ணில் டார்ச் அடிப்பதற்கு முன்பே, "இதற்கு முன்னால் நிற்காத விக்கல் வந்ததா?" என்று கேட்டார். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ரத்தத்தில் அக்குவாபோரின்-4 ஆன்டிபாடி பாசிட்டிவ். அடி விழுவது நரம்பு செல்லுக்கு இல்லையாம், ஆஸ்ட்ரோசைட்டுக்காம். துணைக்கு நிற்கும் செல் போனால் பார்வையே போகுமா?

ஆயர் ஈத்தாம் குமார்
எனக்கும் இதேதான் மாலா, எம்.எஸ்., அதாவது மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ். நரம்புக்கு மயலின் உறை சுற்றுகிற ஒலிகோடென்ட்ரோசைட் கெட்டுப்போகிறது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறும்போது பாதிப் படியில் வலது கண்ணில் புகை மூடியது. நிழலில் உட்கார்ந்து தலையில் தண்ணீர் ஊற்றியதும் தெளிந்தது. உறை தேய்ந்த நரம்பில் உடல் சூடு ஏறினால் சிக்னல் நின்றுவிடுமாம். கட்டம் மாறும் திரையைப் பார்க்கவைத்து எடுத்த டெஸ்டில், சுமார் 100 மில்லிசெகண்டில் மூளையில் வரவேண்டிய அலை எனக்கு 130-ல் வருகிறது. எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை படிக்கிறேன், ஆனாலும் 130தான். தங்கச்சிக்கு எம்.எஸ். ஊசி கேளுங்கள். வெயிலில் போகாதீர்கள், குளிர்ந்த துண்டு கையில் இருக்கட்டும், காய்ச்சல் வந்தால் உடனே மாத்திரை போடுங்கள்.

பழைய லேப் ஆள்
குமார் அண்ணா, சூடு பற்றிச் சொன்னது சரி. ஊசி யோசனை மட்டும் வேண்டாம். மாலாவின் தங்கச்சிக்கு வந்திருப்பது எம்.எஸ். இல்லை, நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா. எம்.எஸ்.ஸுக்குப் போடும் இன்டர்ஃபெரான் பீட்டா இந்த நோயை மோசமாக்கும்.

மாலா, ஆஸ்ட்ரோசைட்டின் பாதங்கள் மூளையின் ரத்தக்குழாயைச் சுற்றி ஒட்டியிருக்கும். தண்ணீர் போய்வரும் வாசலான அக்குவாபோரின்-4 அங்கேதான் நெருக்கமாக இருக்கிறது. ஆன்டிபாடி அதில் ஒட்டியதும் ரத்தத்தில் உள்ள காம்ப்ளிமென்ட் புரதங்கள் செல்லில் ஓட்டை போடுகின்றன. ஒலிகோடென்ட்ரோசைட்டில் அந்த வாசல் கிடையாது. இருந்தாலும் பக்கத்து ஆஸ்ட்ரோசைட் செத்ததும் அதுவும் சாகிறது, மயலின் போகிறது, பார்வை மங்குகிறது. விக்கலுக்குக் காரணம், மூளைத்தண்டில் வாந்தியைத் தூண்டும் இடம். அங்கே ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பு பலவீனம், ஆன்டிபாடி சுலபமாக நுழைந்துவிடும். அட்டாக் சமயத்தில் முதுகுத்தண்டு நீரில் ஆஸ்ட்ரோசைட்டின் ஜி.எஃப்.ஏ.பி. புரதம் மிக அதிகமாகக் கசிந்திருக்கும். எம்.எஸ்.ஸில் அந்த அளவுக்கு ஏறாது.

பிரிக்பீல்ட்ஸ் ராணி
மூளையின் காவல் செல்லான மைக்ரோகிளியாவை விட்டுவிட்டீர்களே! படிக்கும் காலத்தில் உயிருள்ள எலியின் மூளையில் அதைப் பார்த்தேன். ஒரு புள்ளியை லேசரால் சுட்டதும், சுற்றியிருந்தவை கைகளை நீட்டி சில நிமிடங்களில் அதை மூடிவிட்டன. காயம் படுவதற்கு முன்பும் அந்தக் கைகள் ஓயாமல் துழாவிக்கொண்டேதான் இருந்தன. மாலாவின் தங்கச்சிக்கு அவை ஆற்றுகின்றனவா, இன்னும் அரிக்கின்றனவா? இரண்டுக்கும் ஆதாரம் காட்டுகிறார்கள்.

ஆயர் ஈத்தாம் குமார்
லேப் தம்பி, எனக்கு அந்த ஆன்டிபாடி டெஸ்ட் எடுத்ததாக ரிப்போர்ட்டில் எங்கும் இல்லை. விக்கல் வந்ததில்லை. அப்படியும் கேட்டு எடுக்கணுமா?

பழைய லேப் ஆள்
கேளுங்கள் அண்ணா. விக்கல் எல்லாருக்கும் வராது. நெகட்டிவ் வந்தால் மாக் ஆன்டிபாடியும் பார்க்கச் சொல்லுங்கள், அது ஒட்டுவது ஒலிகோடென்ட்ரோசைட்டின் மயலின் மேல்.