ரயில் நின்னுடுச்சு, ராத்திரி ஷிஃப்ட்: டீம் லீடர், அதாவது டிஎல்-க்கு எப்போ, என்ன அனுப்பணும்?

கூடுவாஞ்சேரி_பயணி: துரைப்பாக்கத்துல 10 மணி ஷிஃப்ட். ரயில் பல்லாவரத்துல 9.05-லேர்ந்து நிக்குது. "ட்ரெயின் பிரச்சனை, லேட் ஆகும்"னு வாட்ஸாப்ல போட்டா போதுமா? இல்ல, எத்தனை மணிக்கு வருவேன்னு தெரிஞ்சப்புறம் சொல்லணுமா?

கணக்குப்பிள்ளை: தெரிஞ்சப்புறம்தான். 10.15-னு சொல்லி 10.40-க்குப் போனா ரெண்டு தடவை கெட்ட பேரு.

ரோஸ்டர்_ராணி: பிழை இல்லாத நேரம் வேணும்ங்கிறது சரி, அதுக்காகக் காத்திருக்கிறதுதான் தப்பு. மதிய ஷிஃப்ட் ஆளுக்கு 10.15-க்கு டிராப் கேப்னு வைங்க. 9.20-க்குத் தெரிஞ்சா டிஎல் ஒருத்தரை நிறுத்தி, அவரை அடுத்த கேப்ல மாத்தச் சொல்லலாம். 10 மணிக்குத் தெரிஞ்சா அவர் பையை மாட்டிட்டு லிஃப்ட்டுக்கு நின்னுட்டிருப்பார்.

சீட்ல உக்காந்து லாகின் ஆகுற வரைக்கும் நேரத்தை எண்ணுங்க. பல்லாவரத்துல இறங்கி ரேடியல் ரோடுல ஆட்டோ பிடிச்சா சுமார் 10 கி.மீ. 9.20-க்குக் கிளம்பினா 10 மணிக்கு கேட். செக்கிங், லாக்கர், லிஃப்ட் 10 நிமிஷம். சிஸ்டம் ஆன் ஆகி லாகின் ஆக இன்னொரு 10. ஆக 10.20; ஆட்டோ கிடைக்கிற இழுபறிக்கு 10 சேர்த்து 10.30-னு எழுதுங்க. நிறைய பேர் கேட்டுக்கு வர்ற நேரத்தைத்தான் "வந்துருவேன்"னு சொல்றாங்க. டிஎல் பார்க்கிறது லாகின் நேரத்தை.

> அக்கா, என்னோட 10 மணி ஷிஃப்ட். ரயில் பல்லாவரத்துல 9.05-லேர்ந்து நிக்குது, இறங்கி ஆட்டோல வர்றேன். லாகின் 10.30. அதுவரை என் க்யூவுக்கு ஆள் வேணும். 9.50-க்கு எங்க இருக்கேன்னு மறுபடி சொல்றேன்.

ஓஎம்ஆர்_ஆந்தை: எனக்கு கம்பெனி கேப்பே லேட், அதுக்கும் அரை நாள் சம்பளம் பிடிச்சாங்க. மெசேஜ் என்ன போட்டா என்ன?

ரோஸ்டர்_ராணி: அது வேற கதைங்க. கேப் லேட்டுன்னா டிரிப் ஷீட்டுல நேரம் இருக்கும், டிரான்ஸ்போர்ட் டெஸ்க்தான் பதில் சொல்லணும். சொந்தமா வர்றவங்களுக்கு இந்த மெசேஜ்தான் பதிவு.

ஹெட்செட்_மணி: ஒண்ணை விட்டுட்டீங்க. போனை லாக்கர்ல வைக்கச் சொல்ற ஃப்ளோரா இருந்தா டிஎல் வாட்ஸாப்பையே பார்க்க மாட்டார். நீல டிக் வரலைன்னா அஞ்சு நிமிஷத்துல டெஸ்க் போனுக்கு அடிங்க. யார் எடுத்தாலும் பேரு, லாகின் நேரம், ஆள் வேணும், இந்த மூணும் போதும்.

கணக்குப்பிள்ளை: போன்ல சொன்னா நாளைக்கு "எனக்குத் தெரியாது"ம்பாங்க.

ஹெட்செட்_மணி: அதுக்குத்தான் மெசேஜ் முதல்ல, போன் அப்புறம். ரயில் நிக்கிற போட்டோவும் கூட அனுப்பிடுங்க.

ரோஸ்டர்_ராணி: போட்டோ எதுக்கு? கேட்டா அனுப்பலாம். கேட்காம அனுப்பினா நம்பலைன்னு நாமே சொல்ற மாதிரி இருக்கு.

ஹெட்செட்_மணி: அக்கா, எல்லா டிஎல்லும் உங்களை மாதிரி இல்ல.

கூடுவாஞ்சேரி_பயணி: அனுப்பிட்டேன், டிக் இன்னும் சாம்பல்தான். டெஸ்க்குக்கு அடிக்கிறேன். ஆட்டோ 400 கேட்குறார்.